எலக்ட்ரீஷியன் கொட்டேஷனைப் படிப்பது எப்படி? ‘ஒரு பாயின்ட்’ என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்குங்கள்

புது வீடு கட்டுகிறீர்கள். சுவர் எழும்பிவிட்டது, இன்னும் சில வாரத்தில் மேல்தளம் கான்க்ரீட் போடப் போகிறார்கள். அதற்குள் வயரிங் வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். இரண்டு எலக்ட்ரீஷியன்களிடம் கேட்கிறீர்கள். இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புகிறார்கள்.

முதலாமவர்: “பாயின்ட்டுக்கு 1,500 ரூபாய், மெட்டீரியலோட.”

இரண்டாமவர்: “பாயின்ட்டுக்கு 1,200 ரூபாய், மெட்டீரியலோட.”

பார்த்ததும் இரண்டாமவர்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் பாயின்ட் என்பது கிலோ, லிட்டர் மாதிரி ஒரே அளவு கிடையாது. எதை ஒரு பாயின்ட் என்று எண்ணுகிறார்கள், அந்த ஒரு பாயின்ட்டுக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மாதிரி வீட்டை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இங்கே வரும் ரேட் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ரேட்டும், அன்றைய செம்பு விலையும் வேறாக இருக்கும். ஆனால் கணக்குப் போடும் முறை எங்கேயும் இதுதான்.

ஒரே வீடு, 43 பாயின்ட்டா 62 பாயின்ட்டா?

சுமார் 1,000 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு. அறை அறையாக நின்று எண்ணினால் இப்படி வருகிறது:

- லைட் 21, ஃபேன் 4, எக்ஸாஸ்ட் 3, காலிங் பெல் 1. மொத்தம் 29
- 6 ஆம்பியர் பிளக் (பலரும் ‘5 ஆம்ஸ்’ என்று சொல்வது): 12
- 16 ஆம்பியர் பவர் பிளக் (‘15 ஆம்ஸ்’), சமையலறை, வாஷிங் மெஷின், கீசர் சேர்த்து: 6
- ஏசி: 2

சுவரிலும் கூரையிலும் நீங்கள் கண்ணால் பார்க்கப்போவது இந்த 49 இடங்களைத்தான். இவற்றில் மூன்று லைட்டுகளுக்கு மட்டும் டூ-வே ஸ்விட்ச். இரண்டு படுக்கையறையிலும் கதவருகே ஒன்று, கட்டில் அருகே ஒன்று. மாடிப்படிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று.

முதலாமவர் எண்ணும் முறை: போர்டிலேயே வரும் 6 ஆம்பியர் பிளக்குக்குத் தனியாக நீளமான வயர் தேவையில்லை, அதனால் அரை பாயின்ட். மற்றது எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட். டூ-வேக்குத் தனிக்கணக்கு இல்லை. ஆக 29 + 6 + 6 + 2 = 43 பாயின்ட். 1,500 ரூபாய் வீதம் 64,500 ரூபாய்.

இரண்டாமவர் எண்ணும் முறை: 6 ஆம்பியர் பிளக் முழு பாயின்ட். பவர் பிளக் இரண்டு பாயின்ட். ஏசி மூன்று பாயின்ட். டூ-வேக்கு ஒரு பாயின்ட் கூடுதல். ஆக 29 + 12 + 12 + 6 + 3 = 62 பாயின்ட். 1,200 ரூபாய் வீதம் 74,400 ரூபாய்.

ரேட் குறைவாகச் சொன்னவரின் மொத்தம்தான் அதிகம். இதில் இருவரும் ஏமாற்றவில்லை. பவர் பிளக்குக்குத் தடித்த வயர் வேண்டும், ஏசிக்குத் தனி லைன் வேண்டும் என்பதால் அதைக் கூடுதல் பாயின்ட்டாக எண்ணுவது தொழிலில் இருக்கும் வழக்கம்தான். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். எனவே, “பாயின்ட் என்ன ரேட்?” என்று கேட்பதற்கு முன்னால் “பவர் பிளக், ஏசி, டூ-வே, போர்டு பிளக் இதெல்லாம் எத்தனை பாயின்ட்?” என்று கேளுங்கள்.

பாயின்ட் எங்கே தொடங்குகிறது?

அடுத்த கேள்வி இன்னும் பெரிய தொகையை மாற்றும். மீட்டரில் இருந்து வரும் மெயின் லைன், வீட்டுக்குள் டிபி எனப்படும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸுக்கு வருகிறது. அங்கே எம்சிபிகள் இருக்கும். ஒவ்வொரு எம்சிபியில் இருந்தும் ஒரு லைன் கிளம்பி அறையின் ஸ்விட்ச் போர்டுக்குப் போகும். இது சர்க்யூட் வயர். போர்டில் இருந்து லைட்டுக்கும் ஃபேனுக்கும் போவது பாயின்ட் வயர்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் (சிபிடபிள்யூடி) விதிமுறைகளில், லைட் பாயின்ட் என்பது பொதுவாக ஸ்விட்ச்சில் இருந்து லைட் வரைக்கும்தான். டிபியில் இருந்து போர்டு வரைக்கும் உள்ள சர்க்யூட் வயரிங்கை மீட்டர் கணக்கில் தனியாக அளக்கிறார்கள். தனியார் வேலையில் சிலர் இந்த முறையைப் பின்பற்றுவார்கள், சிலர் டிபி வரைக்கும் எல்லாவற்றையும் பாயின்ட்டுக்குள்ளேயே அடக்கிவிடுவார்கள்.

நம் உதாரணத்தில் முதலாமவர் டிபி வரை சேர்த்துச் சொல்லியிருக்கிறார். இரண்டாமவர் கடைசி வரியில் “சர்க்யூட் வயர் தனி, மீட்டருக்கு 120 ரூபாய்” என்று எழுதியிருக்கிறார். அது எவ்வளவு வரும்?

அதே விதிமுறைகள் ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயின்ட்டுக்கு மேல் போடக்கூடாது என்கின்றன. லைட், ஃபேன், 6 ஆம்பியர் பிளக் எல்லாம் சேர்த்து நமக்கு 41. ஆக 5 சர்க்யூட். பவர் பிளக்கில் ஒரு சர்க்யூட்டுக்கு இரண்டு என்று வைத்தால் சமையலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் 2, இரண்டு கீசருக்கும் தனித்தனியாக 2. ஏசிக்கு 2. மொத்தம் 11 சர்க்யூட். சராசரியாக 12 மீட்டர் என்றால் 132 மீட்டர், அதாவது 15,840 ரூபாய்.

இப்போது இரண்டாமவரின் உண்மையான தொகை 90,240 ரூபாய். முதலாமவரைவிட 25,740 ரூபாய் அதிகம். அப்படியென்றால் முதலாமவரிடமே கொடுத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். அவர் கொட்டேஷனில் மெட்டீரியல் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “நல்ல ஐஎஸ்ஐ வயர், ஐஎஸ்ஐ பைப்.”

வயரில் பணம் எங்கே மிச்சமாகிறது?

வயரின் விலையில் பெரும்பகுதி செம்பு. எனவே செலவைக் குறைக்க சுலபமான வழி, செம்பைக் குறைப்பது. அது இரண்டு விதமாக நடக்கும்.

முதல் வழி, சிறிய சைஸ் போடுவது. வயரின் சைஸ் என்பது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். சைட்டில் ‘ஒன்றரை’, ‘ரெண்டரை’, ‘நாலு’ என்பார்கள். லைட்டுக்கும் ஃபேனுக்கும் 1.5, பவர் பிளக்குக்கும் ஏசிக்கும் 4 என்பது சிபிடபிள்யூடி வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. வீடுகளில் லைட்டுக்கு 1, பவர் பிளக்குக்கு 2.5 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1.5-க்குப் பதில் 1 போட்டால் செம்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சுவருக்குள் போன பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை.

“ஒரு சதுர மில்லிமீட்டரே லைட்டுக்குத் தாங்குமே சார்” என்பார்கள். எல்இடி லைட்டுக்கு மட்டும் என்றால் தாங்கும்தான். ஆனால் அதே லைனில் போர்டு பிளக்கும் இருக்கிறது. அதில் நாளை ஒரு அயர்ன் பாக்ஸையும் கெட்டிலையும் சேர்த்துச் செருகுவீர்கள். மேலும், வெயிலில் காயும் மேல்தளத்துக்குள், ஒரே பைப்பில் நாலைந்து வயரோடு நெருக்கமாக ஓடும்போது சூடு வெளியேற இடம் இல்லாமல், ஒரு வயர் தாங்கும் மின்னோட்டம் குறைகிறது. கேட்டலாக்கில் போட்டிருக்கும் ஆம்பியர் அப்படியே உங்கள் சுவருக்குள் கிடைக்காது.

எம்சிபி முக்கியமாகக் காப்பாற்றுவது இந்த வயரைத்தான். 1.5-க்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16 ஆம்பியர், 4-க்கு 20 ஆம்பியர் என்பது பாதுகாப்பான ஜோடி. குடிபோன பிறகு எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று நீங்கள் புகார் சொன்னதும், வந்து பார்த்தவர் பெரிய எம்சிபியை மாட்டிவிட்டுப் போனால் பிரச்சினை தீரவில்லை. வயர் சூடாவதைத் தடுத்துக்கொண்டிருந்த காவலை எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

இரண்டாவது வழி இன்னும் மோசம். மேலே 1.5 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே அவ்வளவு செம்பு இருக்காது. அல்லது அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உண்டு.

ஒன்று, காயிலின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற தர எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிவிசி வயருக்கான இந்தியத் தரநிலை இது. முத்திரையோடு CM/L என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அதை BIS Care செயலியில் போட்டால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று காட்டும். காயிலில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் பொருந்த வேண்டும்.

இரண்டு, ஒரு முனையில் கொஞ்சம் தோலுரித்து, பிளேடால் கம்பி இழையைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு என்றால் உள்ளேயும் அதே நிறம். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு இல்லை.

மூன்று, மின்தடை. வழக்கமான காயில் 90 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் முழுக் காயிலின் இரு முனைக்கும் நடுவே சுமார் 1.1 முதல் 1.2 ஓம் வரும். 2.5 என்றால் 0.7 ஓம் அளவில் வரும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு முதலில் வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டர் இவ்வளவு சிறிய தடையைத் துல்லியமாகக் காட்டாது, அதனால் சின்ன வித்தியாசத்துக்காகச் சண்டை போடாதீர்கள். ஆனால் 1.5 காயிலில் 1.7, 1.8 ஓம் வந்தால் அந்தக் காயிலைத் திருப்பி அனுப்புங்கள்.

எஃப்ஆர், எஃப்ஆர்எல்எஸ் என்ற எழுத்துகளும் விலையை மாற்றும். முதலாவது, தீ பரவுவதைக் குறைக்கும் பிவிசி. இரண்டாவதில் அதோடு, எரிந்தால் வரும் புகையும் குறைவு. கொட்டேஷனில் எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பைப்: ஒரே ஒரு நாள்தான் பார்க்க முடியும்

ஸ்விட்ச் பிடிக்கவில்லையென்றால் பிறகு மாற்றலாம். வயரையும்கூட உருவிவிட்டுப் புதிது இழுக்கலாம், பைப் நன்றாக இருந்தால். மேல்தளத்துக்குள் போகும் பைப்பை மட்டும் மாற்றவே முடியாது. கம்பி கட்டி முடித்து, கான்க்ரீட் கொட்டுவதற்கு முன்னால் அதைப் போடுகிறார்கள். மறுநாள் அது உள்ளே போய்விடும்.

பிவிசி கண்ட்யூட் பைப்பில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று ரகம். பைப்பின் சுவர் தடிமன்தான் வித்தியாசம். கான்க்ரீட் நாளில் அதன் மேல் ஆட்கள் நடப்பார்கள், வைப்ரேட்டர் ஓடும். லைட் ரகம் நசுங்கிவிடும். மேல்தளத்துக்கு மீடியம் அல்லது ஹெவி, தரநிலை ஐஎஸ் 9537 என்று கேளுங்கள். சுவருக்குள் மீடியம் போதும்.

அடுத்தது சைஸ். 20 மில்லிமீட்டர் பைப்பில் 1.5 வயர் நாலு, ஐந்துதான் சரியாகப் போகும். 25 மில்லிமீட்டரில் எட்டு முதல் பத்து வரை போகலாம். போர்டுக்கு மேலே இறங்கும் பைப்பில் லைட், ஃபேன், டூ-வே என்று வயர்கள் சேர்ந்துகொண்டே போகும். அங்கே 20 போட்டுவிட்டு வயரைத் திணித்தால் இழுக்கும்போதே தோல் உரியும். அது தெரிய வருவது ஒரு மழைக்காலத்தில், சுவரைத் தொட்டு ஷாக் அடிக்கும்போதோ, காரணம் தெரியாமல் ஆர்சிசிபி விழும்போதோ.

கான்க்ரீட்டுக்கு முந்தைய நாள் மாலை ஒரு மணி நேரம் சைட்டில் இருங்கள். இணைப்புகள் எல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்டப்பட்டிருக்கின்றனவா, வெறுமனே செருகி வைத்திருக்கிறார்களா என்று இழுத்துப் பாருங்கள். ஒட்டாத இணைப்பு வழியாகச் சிமென்ட் பால் உள்ளே போய் அடைத்துவிடும். பெட்டிகளின் வாய் மூடப்பட்டிருக்க வேண்டும். அறை வாரியாக, சுவரில் இருந்து எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து ஃபால்ஸ் சீலிங்குக்கு ட்ரில் போடும்போது அந்த வீடியோதான் கைகொடுக்கும்.

வேறு ஊரில் வேலை, அன்று போக முடியாது என்றால், வீடியோ கால் போட்டு ஒவ்வொரு இணைப்பையும் காட்டச் சொல்லுங்கள். இந்த வேலை முடிந்ததும் தரும் முதல் தவணையை இந்தச் சோதனையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஸ்விட்ச்: அழகை விட ஆம்பியர்

மாடுலர் ஸ்விட்ச்சில் ஒரே கம்பெனியிலேயே பல ரேஞ்ச் உண்டு, விலை சில மடங்கு மாறும். எனவே “பிராண்டட் ஸ்விட்ச்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. கம்பெனி பெயரோடு ரேஞ்ச் பெயரும் வேண்டும்.

போர்டின் விலை அதில் எத்தனை மாடுல் என்பதைப் பொறுத்தது. ஒரு படுக்கையறை போர்டை எண்ணுங்கள்: லைட் ஸ்விட்ச் 3, ஃபேன் ஸ்விட்ச் 1, ரெகுலேட்டர் 2 மாடுல், 6 ஆம்பியர் சாக்கெட் 2, அதற்கு ஸ்விட்ச் 1. மொத்தம் 9. வழக்கமான ப்ளேட்டுகள் 6, 8, 12 என்று வருவதால், 9-க்கு 12 மாடுல் ப்ளேட் வாங்கி மூன்று இடத்தைக் காலியாக மூட வேண்டும். ஒரு மாடுல் ரெகுலேட்டர் போட்டால் 8-லேயே முடிந்துவிடும். அல்லது அந்த மூன்று இடத்தில் இன்னொரு சாக்கெட்டும் ஸ்விட்ச்சும் போட்டுக்கொள்ளலாம். பாயின்ட் ரேட்டில் எத்தனை மாடுல் ப்ளேட் வரை சேர்த்தி என்று கேட்டுவிடுங்கள்.

6 ஆம்பியரா 16 ஆம்பியரா என்பதையும் பொருளை வைத்து முடிவு செய்யுங்கள். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர், பரவாயில்லை. 1,500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர், இது 6 ஆம்பியர் ஸ்விட்ச்சைத் தாண்டுகிறது. 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். ஆகவே சமையலறை மேடையில் 6 ஆம்பியர் பிளக்கை வைத்துச் செலவைக் குறைக்காதீர்கள்.

எழுதாமல் விட்டது எது?

டிபி பெட்டி, எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, எர்த் குழி, மீட்டரில் இருந்து வரும் மெயின் கேபிள், இன்வெர்ட்டர் லைன், இன்டர்நெட் பைப், சுவரைக் கொத்திய இடத்தைத் திரும்பப் பூசும் கூலி. பாயின்ட் ரேட்டுக்கு வெளியே நிற்பவை பெரும்பாலும் இவைதான். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சேர்த்தி’ அல்லது ‘தனி, இவ்வளவு ரூபாய்’ என்று எழுதி வாங்குங்கள். பச்சை நிற எர்த் வயர் எல்லா போர்டுக்கும் போகிறதா என்பதும் அதில் ஒரு வரி.

மறுபடியும் அந்த இரண்டு கொட்டேஷன்

நம் முதலாமவரிடம் திரும்புவோம். விசாரித்தால், அவர் லைட்டுக்கு 1, பவருக்கு 2.5, லைட் ரக பைப் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டாமவர் 1.5, 4, எஃப்ஆர்எல்எஸ், மீடியம் பைப் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அதே ஸ்பெக்கை முதலாமவரிடம் கொடுத்து ரேட் கேட்டால், “அப்போ பாயின்ட்டுக்கு 1,850 ஆகும்” என்கிறார். அவரது 43 பாயின்ட்டுக்கு 79,550 ரூபாய்.

இப்போது இரண்டையும் நம்முடைய 49 இடத்தால் வகுத்துப் பாருங்கள். முதலாமவர் ஒரு இடத்துக்கு சுமார் 1,620 ரூபாய், இரண்டாமவர் சுமார் 1,840 ரூபாய். 25,740 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் 10,690 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. மீதி 15,050 ரூபாய், சுவருக்குள் போகாமல் இருந்திருக்கக்கூடிய செம்பும் பைப்பும். இனி பேரம் பேசலாம், பழைய வேலையைப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இருவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்கிறார்கள் என்பது இப்போதுதான் உறுதி.

கீழே உள்ளதை உங்கள் வீட்டுக்கு ஏற்ப எண்களை மாற்றி, ரேட் கேட்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள்:

“அண்ணா, லைட், ஃபேன், எக்ஸாஸ்ட், பெல் 29, 6 ஆம்ஸ் பிளக் 12, 16 ஆம்ஸ் 6, ஏசி 2, டூ-வே 3. லைட்டுக்கு 1.5, பவருக்கும் ஏசிக்கும் 4, எஃப்ஆர்எல்எஸ், ஐஎஸ் 694. மேல்தளத்தில் மீடியம் பைப், 25 எம்எம். டிபியில் இருந்து கடைசி வரை மொத்தமா எவ்வளவு? வயர், பைப், ஸ்விட்ச் எந்தக் கம்பெனி, எந்த ரேஞ்ச்? டிபி, எர்த், மெயின் தனியா எவ்வளவு? ஸ்விட்ச் மாட்டுறதுக்கு முன்னாடி மெக்கர் டெஸ்ட் பண்ணிக் காட்டணும்.”

மெக்கர் என்பது 500 வோல்ட் கொடுத்து வயரின் தோல் எங்கேனும் உரிந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி. அளவு ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால், கடைசித் தவணையைக் கொடுக்காமல் அந்த லைனை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள்.